சங்க இதழ்: ஒரு பிரதியின் விலை எங்கிருந்து வருகிறது?

*கேள்வி: எங்கள் சங்கத்தின் காலாண்டிதழை இதுவரை ஒளிநகல் எடுத்துக் கொடுத்துவந்தோம். இனி ஆஃப்செட்டில் அச்சிட நினைக்கிறோம். ஏ4 அளவு, உள்ளே 32 பக்கம் கறுப்பு, அட்டை நான்கு பக்கமும் வண்ணம். உறுப்பினர்கள் 620 பேர். நூலகங்களுக்கும் எழுதியவர்களுக்கும் இன்னொரு 30. நாணயத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் சொல்கிறேன்: பக்க வடிவமைப்பு உட்பட 500 பிரதிக்கு 18,500, 1,000 பிரதிக்கு 26,000 என்று அச்சகத்தில் விலை கொடுத்திருக்கிறார்கள். 1,000 அடித்தால் ஒரு பிரதி 37இலிருந்து 26க்கு இறங்குகிறது, அதுதான் லாபம் என்கிறார் பொருளாளர். உள்தாள் 70 ஜிஎஸ்எம்மா 80ஆ என்பதிலும் குழுவில் ஒத்த கருத்து இல்லை. அடக்கவிலையை எப்படிக் கணக்கிடுவது? எத்தனை அடிப்பது?*
*— சங்கச் செயலாளர் ஒருவர்*

வணக்கம். பொருளாளர் போட்ட வகுத்தல் சரிதான். ஆனால் அவர் வகுத்தது அச்சாகும் பிரதிகளால். சங்கத்தின் பணம் பயன்படுவது யார் கைக்காவது போய்ச் சேரும் பிரதிகளில். உங்களுக்குத் தேவை 650. மொத்தம் 26,000 கொடுத்து 1,000 அடித்து, 650ஐ விநியோகித்தால், படிக்கப்படும் ஒவ்வொரு பிரதிக்கும் நீங்கள் கொடுத்த விலை 40. அது 500 பிரதிக்கான 37ஐ விடவே அதிகம்.

உங்களிடம் இருக்கும் இரண்டு விலையே பாதிக் கணக்கைச் சொல்லிவிடும். 26,000இலிருந்து 18,500ஐக் கழித்தால் 7,500. இது கூடுதலான 500 பிரதிக்கு மட்டும் ஆன செலவு. அப்படியென்றால் கூடுதலாக அடிக்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஆகும் செலவு 15. இனி 500 பிரதிக்கு 15 வீதம் 7,500 போக, 18,500இல் மீதி 11,000 நிற்கிறது. ஒரே ஒரு பிரதி அடித்தாலும், ஆயிரம் அடித்தாலும் மாறாத செலவு அது. அச்சிட உட்காருவதற்கே 11,000, அப்புறம் பிரதிக்கு 15. உங்கள் இதழின் விலை இந்த இரண்டு எண்கள்தான். 37, 26 என்பதெல்லாம் இவற்றிலிருந்து பிறந்தவை.

இப்போது எந்த எண்ணிக்கைக்கும் நீங்களே விலை போடலாம். 700 பிரதி என்றால் 11,000 கூட்டல் 10,500, மொத்தம் 21,500. அதை 650ஆல் வகுத்தால் 33 சொச்சம். 1,000 அடிப்பதோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு இதழுக்கும் 4,500 மிச்சம். ஆண்டுக்கு நான்கு இதழ் என்பதால் 18,000. ஏறக்குறைய இன்னொரு இதழையே 500 பிரதி அடிக்கும் தொகை அது. 650க்கு மேல் நான் வைத்த 50, தபாலில் தொலைவது, கசங்கி வருவது, நடுவில் சேரும் உறுப்பினர்கள், சங்கத்தின் சேமிப்புப் பிரதிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து. அந்த 50க்கு ஆகும் செலவு 750 மட்டுமே. சரியாக 650 அடித்துவிட்டுப் பத்து பிரதி குறைகிறது என்று திரும்பப் போனால், பக்கங்கள் பதிந்த அச்சுப் பிளேட்டை மறுபடி ஏற்றி இயந்திரத்தைச் சரிசெய்வது முதல் எல்லாவற்றுக்கும் கட்டணம் வரும். அதனால் கொஞ்சம் கூடுதலாக அடிப்பது மலிவான காப்பீடு. 350 பிரதி கூடுதலாக அடிப்பது வேறு விஷயம். அது குடோன் வேலை. ஒரு சங்கத்துக்காக 900 தேவைப்பட்ட இடத்தில் 1,500 அடிக்க நானே ஒருமுறை சம்மதித்திருக்கிறேன். பிரதிக்கு இவ்வளவு குறைகிறதே என்ற அதே வாதம்தான். அடுத்த ஆண்டு நிர்வாகிகள் மாறினார்கள், பழைய பெயர்ப் பட்டியலோடு கட்டுக்கட்டாக நின்ற இதழ்களை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து எந்த விலைப்புள்ளியைக் கேட்டாலும், முதலில் விநியோகப் பட்டியலைக் கொண்டுவாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு விலையைக் கழித்துப் போடும் இந்தக் கணக்கு, இரண்டும் ஒரே இயந்திரத்தில், ஒரே தாளில், ஒரே வகை அச்சில் இருந்தால்தான் பொருந்தும். அதைச் சோதிக்க 750க்கும் ஒரு விலை கேளுங்கள். 22,250ஐ ஒட்டி வந்தால் கணக்கு நேர்க்கோட்டில் இருக்கிறது. வெகுவாக விலகினால், நடுவில் ஏதோ மாறியிருக்கிறது: இயந்திரமோ, தாளின் அளவோ, கட்டும் முறையோ. என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த 11,000க்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் எதைக் குறைக்கலாம் என்று பேச முடியும். உங்கள் விலைப்புள்ளி பிரித்துக் காட்டவில்லை. உங்கள் மொத்தத்துக்குப் பொருந்தும்படி ஒரு மாதிரியை நான் வைக்கிறேன். அட்டையையும் சேர்த்து 36 பக்கம் வடிவமைக்க பக்கத்துக்கு 100 வீதம் 3,600. பிழைதிருத்தப் படிகளுக்கு 600. எட்டு பிளேட்டுக்கு, இயந்திரத்தில் ஏற்றிச் சரிசெய்வது உட்பட 600 வீதம் 4,800. இது 9,000. மீதி 2,000 பெரும்பாலும் விலைப்புள்ளியில் தனியாகத் தெரியாது. இயந்திரத்தில் மை சீராகி, அச்சு சரியான இடத்தில் விழும் வரை ஓடி வீணாகும் தாளின் விலை அது. உள்பக்கங்களின் இரண்டு ஃபாரத்துக்கும் நூறு நூறு தாள், வண்ண அட்டைக்கு ஒரு நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 300 அடித்தாலும் 3,000 அடித்தாலும் இந்தத் தாள் வீணாகியே தீரும். தாள் என்றாலே பிரதிக்கு ஏற்ப மாறும் செலவு என்று பலர் நினைக்கிறார்கள். குறைந்த எண்ணிக்கையில் அச்சிடுபவர்களைக் கடிக்கும் பகுதி இதுதான்.

பிளேட் எட்டு என்று எப்படிச் சொன்னேன்? 640க்கு 900 மில்லிமீட்டர் தாளில் ஒரு பக்கத்தில் எட்டு ஏ4 பக்கம் அடங்கும், இரு புறமும் சேர்த்துப் பதினாறு. அதை ஒரு ஃபாரம் என்போம். 32 பக்கத்துக்கு இரண்டு ஃபாரம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு புறம். கறுப்பு ஒரே நிறம் என்பதால் நான்கு பிளேட். அட்டைக்கு நான்கு நிறம், ஆக நான்கு பிளேட். அட்டைக்கு வெளிப்புறம் உள்புறம் என்று இரண்டு இருக்கிறதே, எட்டு பிளேட் வேண்டாமா என்றால், வேண்டாம். ஒரே தாளில் பாதியில் வெளிப்புறத்தையும் பாதியில் உள்புறத்தையும் வைத்து அடித்து, தாளைத் திருப்பிப் போட்டு அதே பிளேட்டில் மறுபடி அடிக்கலாம். வெட்டினால் ஒரு தாளில் நான்கு முழு அட்டை கிடைக்கும். விலைப்புள்ளியில் மொத்தம் 12 பிளேட் என்று இருந்தால், அட்டையைத் திருப்பி அடிக்க முடியாதா என்று மரியாதையாகக் கேளுங்கள். சின்ன இயந்திரம் என்றால் அவர்கள் சொல்லும் காரணம் நியாயமாக இருக்கும். இல்லையென்றால் 2,400 மிச்சமாகும்.

வடிவமைப்பை ஒரு உறுப்பினர் இலவசமாகச் செய்து தருகிறார் என்றால் 3,600 மறைந்துவிடும், பிரதிக்கு ஐந்தரை குறையும். ஆனால் கணக்கேட்டில் அந்த வரியை அழிக்க வேண்டாம். உறுப்பினரின் உழைப்பு என்று குறித்து வையுங்கள். அவர் வேறு ஊருக்குப் போகும் நாளில் சந்தா திடீரென்று ஏன் பற்றவில்லை என்று புதிய குழு திகைக்காமல் இருக்கும்.

இனி தாள். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். ஒரு தாளின் எடை அதன் நீளம், அகலம் இரண்டையும் மீட்டரில் பெருக்கி, ஜிஎஸ்எம்மால் பெருக்கினால் கிராமில் வரும். 0.64 பெருக்கல் 0.9 பெருக்கல் 70 என்பது 40.3 கிராம். ஒரு பிரதிக்கு உள்தாள் இரண்டு, ஆக 80.6 கிராம். கிலோ 100 என்று வைத்தால் பிரதிக்கு 8. அட்டை 170 ஜிஎஸ்எம் ஆர்ட் தாளில் கால் தாள், 24.5 கிராம், கிலோ 120 என்றால் பிரதிக்கு 3. மீதி நான்கு, ஓட்டுக்கூலி, மடிப்பு, பின் அடிப்பது, ஓரம் வெட்டுவது. இப்படித்தான் 15 வருகிறது. பிரதிக்கு ஆகும் செலவில் முக்கால் பங்கு தாள்தான் என்பதைக் கவனியுங்கள். எண்ணிக்கை ஏற ஏற, பேரம் பேச வேண்டிய இடம் பிளேட்டிலிருந்து தாளுக்கு நகர்ந்துவிடும்.

உள்தாளை 80க்கு உயர்த்தினால் எடை ஏழில் ஒரு பங்கு கூடும், செலவும் அப்படியே. பிரதிக்கு 1.15; 700 பிரதிக்கும் வீணாகும் தாளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 920. அட்டையை 170இலிருந்து 130க்கு இறக்கினால் ஏறத்தாழ 760 குறையும். ஆக அட்டையில் மிச்சம் பிடித்து உள்தாளை நன்றாக்கலாம், செலவு 160 மட்டுமே கூடும். வாசகர் நேரம் செலவழிப்பது உள்தாளில் என்பதால் எனக்கு இந்த மாற்று எப்போதும் பிடித்தது. 130 ஜிஎஸ்எம் அட்டைக்கு இன்னொரு நன்மையும் உண்டு: தடித்த ஆர்ட் தாள், நார் ஓட்டத்துக்குக் குறுக்கே மடிந்தால் முதுகில் மை வெடித்து வெள்ளைக் கோடு தெரியும். 170ஐயே வைத்துக்கொள்வதாக இருந்தால், நார் ஓட்டம் முதுகோடு இணையாக வரும்படி தாளை வைக்கச் சொல்லுங்கள். அல்லது மடிப்புக்கு முன் கோடு அழுத்தித் தரச் சொல்லுங்கள்.

ஆனால் 80ஐத் தேர்வதற்கு முன் தபால் எடையைப் பாருங்கள். வெட்டிய பிறகு ஓர் ஏ4 இதழின் உள்ளே 16 தாள், 70 ஜிஎஸ்எம்மில் 70 கிராம். அதோடு 170 அட்டை 21 கிராம். மொத்தம் 91, உறை ஒரு 7 என்றால் 98. உள்ளே 80 என்றால் 108. அட்டையை 130 ஆக்கினாலும் உறையோடு 103. தபால் கட்டணம் எடைப் படிகளாகத்தான் ஏறும் என்பதால், உங்கள் ஊர்த் தபாலில் 100 கிராமில் ஒரு படி இருந்தால், 80 ஜிஎஸ்எம் தாள் உங்களை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். 600 உறைக்கும் அந்த வித்தியாசத்தைப் பெருக்கிப் பாருங்கள். தாளில் பேசிய தொகை எல்லாம் அதன் முன் ஒன்றுமில்லாமல் போகக்கூடும்.

98 என்பதும் எனக்கு நிம்மதி தரும் எண் இல்லை. 70 என்று அச்சிட்ட கட்டில் இருக்கும் தாள் உண்மையில் 68ஆகவோ 72ஆகவோ இருக்கலாம். ஆலையிலிருந்து வரும்போதே நூற்றுக்கு மூன்று நான்கு ஏற்ற இறக்கம் சகஜம். மழைக்காலத்தில் ஈரம் இழுத்து இன்னும் கொஞ்சம் கூடும். 72 என்றால் நூறில் போய் நிற்பீர்கள். அதனால், 100இல் படி இருந்தால் 70 உள்தாளும் 130 அட்டையும் என்பது என் தீர்ப்பு: 70, 16, உறை 7, மொத்தம் 93. தாள் கொஞ்சம் கனமாக வந்தாலும் தாங்கும். 100இல் படி இல்லை, அல்லது பெரும்பாலான பிரதியைக் கூட்டத்தில் கையில் கொடுத்துவிடுவீர்கள் என்றால் 80 உள்தாளும் 130 அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

70இல் பின்பக்கத்து எழுத்து தெரியுமே என்ற பயம் குழுவில் இருக்கும். அதைத் தீர்மானிப்பது ஜிஎஸ்எம் மட்டும் இல்லை. தாளின் ஒளிபுகாத் தன்மையும் சேர்த்துத்தான். ஒரே 70இல் இரண்டு ஆலைத் தாள்களுக்கு நடுவே நன்றாகவே வித்தியாசம் தெரியும். அச்சகத்தில் இருக்கும் இரண்டு மூன்று தாள்களை வாங்கி, ஒரு பக்கம் கறுப்பு அதிகமுள்ள புகைப்படம், பின்பக்கம் சின்ன எழுத்தில் கட்டுரை என்று அதே தாளில் அச்சாகியிருக்கும் பழைய வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். அதை மேசைமேல் வெள்ளைத் தாள் வைத்து அதன்மேல் வைத்துப் பாருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தால் எல்லாத் தாளும் தோற்கும், யாரும் இதழை அப்படிப் படிப்பதில்லை. அப்புறம், பளபளப்பான மெல்லிய ஆர்ட் தாளை உள்ளே போடலாம் என்று யாராவது சொன்னால் தயங்குங்கள். படம் நன்றாக வரும். ஆனால் அதே ஜிஎஸ்எம்மில் ஆர்ட் தாள் கைக்கு மெலிந்து இருக்கும், விளக்கு வெளிச்சத்தில் கண் கூசும். உங்கள் இதழில் 32 பக்கமும் கறுப்பு எழுத்து என்றால் அந்தப் பணம் வீண்.

பக்க எண்ணிக்கையில் ஒரு விஷயம். கட்டுரை ஒன்று மிஞ்சிவிட்டது, 36 பக்கம் ஆக்கிவிடலாம் என்ற யோசனை ஒவ்வொரு இதழிலும் வரும். 32 என்பது முழுதாக இரண்டு ஃபாரம். 36 ஆனால் கடைசி நான்கு பக்கத்துக்கு மூன்றாவதாக ஒரு தாள் ஏறும்: புதிய பிளேட், புதிய சரிசெய்தல், தனி மடிப்பு, வீணாகும் இன்னொரு கட்டுத் தாள். எட்டில் ஒரு பங்கு பக்கம் கூடினால் எட்டில் ஒரு பங்கைவிட அதிகம் செலவு கூடும். 28க்குக் குறைத்தாலும் ஒரு பிளேட்டும் மிச்சமாகாது. 32லேயே நில்லுங்கள், கட்டுரையை அடுத்த இதழுக்குத் தள்ளுங்கள்.

அளவிலும் அப்படித்தான். அழகாக இருக்கிறதே என்று 24 சென்டிமீட்டர் சதுரம் கேட்பவர்கள் உண்டு. பரப்பில் அது ஏ4ஐவிடச் சின்னது. ஆனால் மேலே சொன்ன தாளில் எட்டுக்குப் பதில் ஆறு தாள்தான் வெட்டிக்கொள்ளும். சின்ன பக்கத்துக்கு மூன்றில் ஒரு பங்கு அதிகத் தாள். ஏ4ஐ விடவேண்டாம்.

டிஜிட்டல் அச்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது கேட்பார்கள். அதில் பிளேட் இல்லை, வீணாகும் தாள் மிகக் குறைவு. பிரதிக்கு விலை மட்டும் அதிகம். வடிவமைப்பும் பிழைதிருத்தப் படியும் இரண்டுக்கும் பொது என்பதால் அவற்றை விலக்கினால், ஆஃப்செட்டில் தொடக்கச் செலவு 6,800. டிஜிட்டலில் பிரதிக்கு 49 என்று ஒருவர் சொன்னால், 15ஐக் கழித்து 34. 6,800ஐ 34ஆல் வகுத்தால் 200. 200க்குக் கீழே டிஜிட்டல், மேலே ஆஃப்செட். உங்கள் 700க்கு யோசிக்கவே வேண்டாம். ஆனால் பழைய இதழ் ஒன்றை 40 பிரதி மறுபடி வேண்டும் என்றால் அங்கே போங்கள்.

விலை பேசி முடிக்கும்போது மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். தாளின் பெயரும் ஜிஎஸ்எம்மும், பிளேட் எண்ணிக்கை, "700 நல்ல பிரதிக்குக் குறையாமல்" என்ற வாசகம். அச்சகத்தில் எண்ணிக்கை நூற்றுக்குச் சில கூடக் குறைய வருவது வழக்கம், அதில் குற்றம் இல்லை; ஆனால் குறையும் பக்கம் வரக்கூடாது. வந்த கட்டுகளை எண்ண நேரமில்லை என்றால், சரியாக 50 எண்ணி எடைபோட்டு, மற்றதை எடையால் வகுத்துக்கொள்ளுங்கள்.

அச்சிடச் சொல்வதற்கு முன், அதே தாள், அதே அட்டையில், எதுவும் அச்சிடாமல் 32 பக்கம் மடித்துப் பின் அடித்து ஒரு டம்மி செய்துதரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பணம் கேட்க மாட்டார்கள். அதை உங்கள் உறையில் போட்டு, முகவரி ஒட்டி, தபால் நிலையத்துத் தராசில் வையுங்கள். நான் போட்ட 93 அங்கே 96 என்று வந்தாலும் நிம்மதியாக ஆர்டர் கொடுக்கலாம். 99 என்று வந்தால் உறையை மாற்றுங்கள்.